ஓர் ஊழியருக்கு எத்தனை தலைவர்? – நிருவாகக் கோட்பாட்டு அட்டவணையில் ஒரு வரியின் வரலாறு

பொது நிருவாகவியலை விருப்பப் பாடமாகக் கொண்டு பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணாக்கரிடையே ஓர் அட்டவணை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அதன் முதற் பெட்டியில் ரெயிலர், பயோல், வேபர், கியூலிக் என்போரின் பெயர்கள் ஒன்றன்கீழொன்றாக நிற்கும். அப்பெட்டிக்குத் தொன்னெறி என்பது பெயர். இரண்டாவது பெட்டியில் மேயோவும் மனித உறவு நெறியும் இடம்பெறும். மூன்றாவதில் சைமனும் நடத்தை நெறியும் அமையும். ஒவ்வொரு பெட்டியும் தனக்கு முந்தியதைத் தள்ளிவிட்டு எழுந்தது போன்ற தோற்றத்தை இவ்வட்டவணை தருகின்றது. பெயர்களை நினைவிற் கொள்ளுதற்கு இது துணையாகும் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரே பெட்டியுள் வைக்கப்பட்டோர் தம்முள் முரண்பட்டதையும், வெவ்வேறு பெட்டிகளில் வைக்கப்பட்டோர் ஒரே காலத்தில் ஒரே நூலில் எழுதியதையும் இது முற்றாக மறைத்துவிடுகின்றது.

இக்குறையை அறிதற்கு அட்டவணை முழுவதையும் ஆராய வேண்டுவதில்லை. அதில் ஒரேயொரு வரியை எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாகச் சென்றாலே போதும். வேலை செய்யும் ஒருவர் எத்தனை பேரிடமிருந்து கட்டளை பெறுதல் வேண்டும் என்பதே அவ்வரி. கட்டளை ஒருமை என நூல்கள் இதனைக் குறிப்பிடும். சிறிய வினாவாகத் தோன்றினும், நிருவாகக் கோட்பாட்டின் அரை நூற்றாண்டுப் பிணக்கு இதனுள் அடங்கியுள்ளது.

பிரெடரிக் வின்சிலோ ரெயிலர் 1856இல் பிறந்த அமெரிக்கர். 1878இல் பிலடெல்பியாவிலுள்ள மிட்வேல் உருக்காலையிற் சாதாரண தொழிலாளியாகச் சேர்ந்து, அங்கேயே தலைமைப் பொறியியலாளராக உயர்ந்தவர். பின்னர் 1898 முதல் 1901 வரை பெத்லெகேம் உருக்காலையிற் பணியாற்றினார். அவர் கண்ட உலகம் உலோகத்தைக் கடைந்து வெட்டும் பட்டறையாகும். அப்பட்டறையில் ஒரே மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வழக்கமிருந்தது. வேலையை ஒழுங்குபடுத்துதல், எந்திரத்தின் வேகத்தைத் தீர்மானித்தல், பொருளின் தரத்தைச் சோதித்தல், பழுது பார்ப்பித்தல், தாமதமாக வருவோரைக் கண்டித்தல் ஆகிய யாவும் அவருடைய கடமைகளே. இத்தனைக்கும் வேண்டிய அறிவும் உடல்வலியும் நேர்மையும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மனிதரைக் காண்டல் அரிது என்பது ரெயிலர் கண்ட உண்மை. அரியவரைத் தேடி அலைவதினும் அவ்வேலையையே பிரித்துவிடுதல் நன்று என்று அவர் முடிவுசெய்தார்.

1903இல் வெளிவந்த பட்டறை முகாமை பற்றிய தமது நூலில், ஒரு மேற்பார்வையாளரின் இடத்தில் எண்மரை அவர் வைத்தார். அவருள் நால்வர் திட்ட அறையில் இருப்பர். எந்த வேலை எவ்வழியாகச் செல்லவேண்டும் என்று ஒருவர் வகுப்பார். எந்தக் கருவியை எவ்வேகத்திற் பயன்படுத்தவேண்டும் என்று மற்றொருவர் அறிவுறுத்தற் சீட்டு எழுதுவார். நேரத்தையும் செலவையும் மூன்றாமவர் பதிவார். ஒழுக்கத்தை நான்காமவர் கவனிப்பார். ஏனைய நால்வரும் பட்டறைத் தளத்தில் நிற்பர். வேலையை எந்திரத்தில் ஏற்றிவைக்கக் காட்டுபவர், வேகத்தைக் கவனிப்பவர், தரம் சோதிப்பவர், பழுது பார்ப்பவர் என்போர் அவர்கள். கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் ஒரு தொழிலாளி இவ்வெண்மரிடமிருந்தும், ஒவ்வொருவருக்கும் உரிய கூற்றளவில், கட்டளை பெறுவார். ஒருவருக்கு ஒரே தலைவர் என்னும் பழைய முறையைப் படையமைப்பு முறை எனக் கூறி, அதனைக் கைவிடுதல் வேண்டும் என்று ரெயிலர் வெளிப்படையாகவே எழுதினார்.

இம்முறையில் எழக்கூடிய இடரை ஓர் எளிய நிலைமையால் விளக்கலாம். அறிவுறுத்தற் சீட்டிற் குறித்த வேகத்தில் எந்திரம் ஓடவேண்டும் என்று வேகத்துக்குப் பொறுப்பானவர் வற்புறுத்துகின்றார். அவ்வேகத்தில் வெட்டிய பொருளின் மேற்பரப்புக் கரடாக உள்ளதென்று தரம் சோதிப்பவர் அதனைத் திருப்பியனுப்புகின்றார். இருவரும் தத்தம் கூற்றிற் பிழையற்றவரே. ஆயினும் இடையில் நிற்கும் தொழிலாளி யாருக்குக் கீழ்ப்படிவார்? இத்தகைய பிணக்கு மேல்நிலையாரிடம் கொண்டுசெல்லப்பட்டுத் தீர்க்கப்படல் வேண்டும் என்பதே ரெயிலர் முறை தரும் விடை. மேலே சென்ற பிணக்கு திரும்பி வரும்வரை எந்திரம் நிற்கும் என்பதும், பொருள் கெட்டால் பழி தொழிலாளியின் மேல் விழும் என்பதும் அவ்விடையுள் அடங்காத செய்திகளாம்.

அப்பழி வெறுங் கற்பனையன்று. 1911ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், பொஸ்ரன் நகரை அடுத்த வாட்டர்டவுனில் இருந்த அமெரிக்க அரசின் படைக்கலச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். நிறுத்தற் கடிகாரத்தைக் கையிற் கொண்டு தம் வேலையை அளந்தவர் வார்ப்புத் தொழிலை அறியாதவர் என்பது அவர்களுடைய முறைப்பாடுகளில் ஒன்று. தொழிலறிந்த மேற்பார்வையாளருக்குப் புறம்பாக, தொழிலறியாத வேறொருவரின் அளவுக்கும் தாம் கட்டுப்பட வேண்டியிருந்ததை அவர்கள் ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் சில நாள்களிலேயே முடிந்தபோதும், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழுவொன்றை நியமித்தது; ரெயிலரும் அதன்முன் சாட்சியமளித்தார். 1915இல் இராணுவச் செலவினச் சட்டத்தின் வாயிலாக, அப்பணத்தைக் கொண்டு ஊழியரின் வேலையை நிறுத்தற் கடிகாரத்தால் அளத்தல் தடுக்கப்பட்டது. பட்டறையிற் பிறந்த கோட்பாடொன்று அரசின் பணித்துறையுட் புகுந்தவுடன் சட்டமன்றத்தின் விடயமாக மாறியதற்கு இது தக்க சான்றாகும்.

இனி, அட்டவணையில் ரெயிலருக்கு அடுத்துக் காணப்படும் ஹென்றி பயோலை நோக்குவோம். 1841இற் பிறந்த இவர் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர். 1860இல் கொமென்றி நிலக்கரிச் சுரங்கத்திற் பணியேற்று, 1888 முதல் 1918 வரை அச்சுரங்கத்தை உள்ளடக்கிய கம்பனியின் தலைமை இயக்குநராக விளங்கினார். அவர் பொறுப்பேற்றபோது கம்பனி முறிந்துபோகும் நிலையில் இருந்தது. அவர் விலகியபோது அது வலிமை பெற்றிருந்தது. ரெயிலர் கீழிருந்து, எந்திரத்தின் முன் நிற்பவரை நோக்கினார். பயோல் மேலிருந்து, கம்பனி முழுவதையும் நோக்கினார். இவ்விட வேறுபாடே இருவருடைய விடைகளையும் வேறுபடுத்தியது.

1916இல் வெளிவந்த தமது நூலில் பயோல் பதினான்கு நெறிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, எச்செயலிலும் ஓர் ஊழியர் ஒரே மேலவரிடமிருந்து மட்டுமே கட்டளை பெறுதல் வேண்டும் என்பது. இந்நெறி மீறப்பட்டால் அதிகாரம் தளரும், ஒழுங்கு கெடும், உறுதிநிலை குலையும் என்பது அவர் கருத்து. இதனோடு அவர் அமையவில்லை. அந்நூலிலேயே ரெயிலரின் எண்மர் முறையை எடுத்துக்கொண்டு, ரெயிலரின் ஏனைய பணிகளைப் போற்றிய பின், கட்டளை ஒருமை இன்றியமையாததன்று என்ற எண்ணம் பரவுதல் ஆபத்தானது என்று மறுத்தார். நிபுணரின் அறிவு வேண்டுமாயின், அவர்களைத் தலைவருக்குத் துணையாக அமர்த்துக. கட்டளை மட்டும் தலைவர் வாயிலாகவே செல்லுக என்பது அவர் காட்டிய மாற்றுவழி. ஆகவே, தொன்னெறியாளர் யாவரும் கட்டளை ஒருமையை வற்புறுத்தினர் என ஓர் அட்டவணை கூறுமாயின், அது பிழைபட்ட அட்டவணை என்று உடனே துணியலாம்.

ஒரே தலைவர் என்னும் நெறியும் விலையின்றிக் கிடைப்பதன்று என்பதைப் பயோல் நன்கு அறிந்திருந்தார். அதனை அவர் ஓர் ஏணியால் விளக்குகின்றார். உச்சியில் ஒரு தலைவர். அவருக்குக் கீழ் இடப்புறத்தும் வலப்புறத்தும் படிப்படியாக அலுவலர் இறங்குகின்றனர். இடப்புறத்தில் ஐந்தாம் படியில் நிற்பவர், வலப்புறத்தில் ஐந்தாம் படியில் நிற்பவருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டியுள்ளது எனக் கொள்க. நெறிப்படி அச்செய்தி ஐந்து படிகள் ஏறி, உச்சியை அடைந்து, மறுபுறம் ஐந்து படிகள் இறங்குதல் வேண்டும். போவதற்குப் பத்து அடி. விடை திரும்புவதற்கும் பத்து அடி. ஒவ்வோர் இடத்திலும் கடிதம் தங்கும். இதனை நீக்குதற்குப் பயோல் இரு படிகளுக்குமிடையே ஒரு குறுக்குப் பாலம் இட்டார். இருவருடைய நேர்த்தலைவர்களும் முன்னரே இசைவு தந்து, முடிவைத் தங்களுக்கு அறிவிக்கக் கோரின், அவ்விருவரும் நேரடியாகப் பேசித் தீர்க்கலாம். இசைவு திரும்பப் பெறப்பட்டால் பாலமும் நீங்கும். அரசுத் திணைக்களங்களில் இப்பாலம் பயன்படாமையாற் கேடு விளைவதையும் பயோல் சுட்டிக்காட்டினார். கடிதம் எழுதிக் காத்திருக்கும் எந்த அலுவலகத்தவருக்கும் இதன் பொருள் விளங்காமற்போகாது.

மாக்ஸ் வேபரின் இடம் இன்னும் வேறானது. 1864இற் பிறந்து 1920இல் மறைந்த இச்செர்மானிய அறிஞர் ஆலையையோ சுரங்கத்தையோ நடத்தியவரல்லர். மக்கள் ஓர் அதிகாரத்துக்கு ஏன் கீழ்ப்படிகின்றனர் என்னும் வரலாற்று வினாவே அவருடையது. பணித்துறை ஆட்சியில் விதிகளால் வரையறுத்த அதிகார எல்லைகள், மேல்கீழ்ப் படிவரிசை, எழுத்து மூலமான கோப்புகள், பயிற்சி பெற்ற சம்பள அலுவலர் ஆகியன இருக்குமென அவர் விரித்துரைத்தார். அவ்வாட்சியில் அலுவலர் கீழ்ப்படிவது ஓர் ஆளுக்கன்று. அவ்வாளின் பதவிக்கு அதிகாரந் தந்த விதிக்கே கீழ்ப்படிகின்றார். எனவே எத்தனை தலைவர் என்னும் வினாவுக்கு வேபரின் விடை எண்ணிக்கையாக அமைவதில்லை. எந்த எல்லைக்குள், எந்த விதியின்படி என்பதே அவர் விடை. மேலும், அவருடைய பெருநூல் அவர் மறைந்த பின்னர் 1922இல் நிறைவாக வெளிவந்தது. அதன் முக்கிய பகுதிகள் 1946, 1947ஆம் ஆண்டுகளிலேயே ஆங்கிலத்திற் பரவலாகக் கிடைத்தன. ரெயிலரும் பயோலும் வேபரும் ஒரே குழுவினராகத் தோன்றுவது, பிற்காலத்தார் மூவரையும் ஒருங்கே படித்ததன் விளைவேயாகும்.

அடுத்து நோக்கத்தக்கவர் அமெரிக்க நிருவாகவியலாளர் லூதர் கியூலிக். 1937இல் அவரும் ஆங்கிலேயராகிய ஏர்விக்கும் சேர்ந்து நிருவாக விஞ்ஞானம் பற்றிய கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டனர். சனாதிபதி ரூஸ்வெல்ற் 1936இல் அமைத்த பிரவுண்லோ குழுவில் கியூலிக் ஓர் உறுப்பினராயிருந்தார். அக்குழுவின் வேலையோடு ஒட்டியதே இத்தொகுப்பு. நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் சனாதிபதியின் கீழ்ச் சிதறிக்கிடந்த நிலையில், பொறுப்பை ஒரிடத்திற் குவித்தல் அக்குழுவின் நோக்கமாயிற்று. ஆதலாற் கியூலிக் பயோலின் பக்கம் நின்றார். கட்டளை ஒருமையைக் கண்டிப்பாகப் பற்றினால் சிற்சில வேளை நகைப்புக்கிடமான விளைவுகள் தோன்றலாம். எனினும் அதனை மீறுவதால் வரும் குழப்பத்தோடு ஒப்பிட்டால் அவை பொருட்படுத்தத்தக்கனவல்ல என்பது அவர் துணிபு.

அதே தொகுப்பில், ஹாதோர்ன் ஆராய்ச்சி பற்றி மேயோவும் அவர் தோழரும் எழுதிய கட்டுரையும் இடம்பெற்றுள்ளது. தொன்னெறி மறைந்தபின் மனித உறவு நெறி பிறந்தது எனக் காட்டும் அட்டவணைக்கு இவ்வொரு செய்தியே போதிய மறுப்பாகும். இரண்டும் ஒரே அட்டைக்குள் அடங்கி வெளிவந்தவை.

ஹாதோர்ன் என்பது சிக்காகோவை அடுத்து வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பனிக்கு உரியதாயிருந்த தொலைபேசிக் கருவி ஆலை. அங்கு 1924 முதல் 1932 வரை பல சோதனைகள் நடந்தன. நமது வரிக்கு உரியது இறுதிச் சோதனையாகும். 1931 நவம்பர் தொடக்கம் 1932 மே வரை பதினான்கு ஆண்கள் ஓர் அறையில் வைத்துக் கவனிக்கப்பட்டனர். அவர்களுள் ஒன்பதின்மர் கம்பி பொருத்துவோர், மூவர் பற்றாசு வைப்போர், இருவர் சோதிப்போர். கூடுதலாகச் செய்தாற் கூடுதலாகப் பெறும் கூலிமுறை அவர்களுக்கு இருந்தது. அவ்வாறிருந்தும், நாளொன்றுக்கு இரண்டு கருவிகளே போதுமான வேலை என்று குழுவினர் தமக்குள் வரையறுத்திருந்தனர். அதனை மீறி விரைந்து செய்பவர் நையாண்டிக்கும், மேற்கையில் ஓர் இடிக்கும் ஆளாவார். மிகக் குறைவாகச் செய்பவரும் மேலவரிடம் கோள் சொல்பவரும் அவ்வாறே வெறுக்கப்பட்டனர். வேலையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளல் விதிக்கு மாறாயினும் அவர்கள் மாற்றிக்கொண்டனர். அவர்களுக்கு மேலிருந்த குழுத்தலைவரும் அதனைக் கண்டும் காணாதவராயிருந்தார்.

இதன் பொருள் யாது? ரெயிலர் எட்டுத் தலைவரை எண்ணினார். பயோல் ஒருவரை எண்ணினார். இருவரும் எண்ணாத ஒரு தலைவர் அவ்வறையில் இருந்தார். பக்கத்தில் நின்று வேலை செய்யும் தோழர் கூட்டமே அத்தலைவர். நிறுவனப் படத்தில் அதற்கு ஒரு பெட்டியும் இல்லை. ஆனாலும் அதன் கட்டளை மேற்பார்வையாளரின் கட்டளையினும் வலிதாயிருந்தது.

பிணக்கைத் தெளிவாக்கியவர் ஹேர்பேட் சைமன். 1946இல் வெளிவந்த கட்டுரையொன்றில், நிருவாக நெறிகள் எனப்படுவன பழமொழி போன்றவை என்றார். பழமொழிகளில் ஒன்றுக்கு எதிரான மற்றொன்றும் கிடைப்பதுபோல, நிபுணத்துவத்தைப் பெருக்குக என்னும் நெறிக்கு எதிரே ஒரே தலைவர் என்னும் நெறி நிற்கின்றது. அவர் காட்டும் உதாரணம் கல்வித் துறையைச் சேர்ந்தது. கல்வித் திணைக்களத்தில் ஒரு கணக்காளர் இருக்கின்றார். அவருக்குத் தலைவர் ஒரு கல்வியாளர். கட்டளை ஒருமையைக் கண்டிப்பாகக் கொண்டால், கணக்கு எழுதும் முறையைப் பற்றி நிதித் திணைக்களம் அவருக்கு நேரே கட்டளையிட முடியாது. கணக்கியல் அறியாத கல்வியாளர் வாயிலாகவே அக்கட்டளை செல்லவேண்டும். ஒருமையைக் காத்ததற்கு விலையாக அறிவு இழக்கப்படுகின்றது. ஒருமையைத் தளர்த்தினாலோ, நிதித் திணைக்களம் ஒரு படிவத்தையும் கல்வியாளர் மற்றொரு படிவத்தையும் கேட்குமிடத்துக் கணக்காளர் திகைத்து நிற்பார்.

சைமன் இதற்கு ஒரு குறுகிய விதியைத் தந்தார். ஓர் ஊழியர் பலரிடமிருந்து கட்டளை பெறலாம். ஆயின் இரு கட்டளைகள் முரணுமிடத்து யாருக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்பது முன்னரே தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதே அது. மேற்கூறிய கணக்காளரிடம், கணக்கின் வடிவம் பற்றி முரண் எழுந்தால் நிதித் திணைக்களத்தின் சொல்லே நிற்கும், ஏனையவற்றிற் கல்வியாளரின் சொல்லே நிற்கும் என்று முதலிலேயே வரையறுத்தால், அவர் திகைக்க வேண்டியதில்லை. ரெயிலரின் பட்டறையிற் குறைந்திருந்தது இதுவேயாம். தலைவர் பலராயிருந்தது அங்கே தீங்கன்று. வேகமும் தரமும் மோதும் அந்நேரத்தில் யார் சொல் நிற்கும் என்று தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரியாதிருந்ததே தீங்கு. ஆயினும் சைமனின் விதிக்கும் ஓர் எல்லை உண்டு. எழுதி வைத்த கட்டளைகளுக்கிடையே அது தீர்ப்புச் சொல்லும். ஹாதோர்ன் அறையில் தோழர் இட்ட எழுதாக் கட்டளைக்கு அது தீர்ப்புச் சொல்லாது.

இவ்வரலாற்றை உட்கொண்டு அட்டவணையைத் திருத்தி எழுதின், அது பின்வருமாறு அமையும்.

| அறிஞர், ஆண்டு | நோக்கிய இடம் | கட்டளை இடுவோர் | எழும் இடர் |
|---|---|---|---|
| ரெயிலர், 1903 | உருக்காலைப் பட்டறை | கூற்றுக்கு ஒருவராக எண்மர் | முரணும்போது ஊழியர் திகைப்பார் |
| பயோல், 1916 | சுரங்கக் கம்பனி | ஒருவர் மட்டும் | செய்தி தாமதிக்கும். பாலம் வேண்டும் |
| வேபர், 1922 | அரசும் அதன் பணித்துறையும் | விதி வரையறுத்த பதவி | விதி பேசாத இடத்தில் வழியில்லை |
| கியூலிக், 1937 | அமெரிக்க மத்திய அரசு | ஒருவர் மட்டும் | நிபுணர் அறிவு நேரே எட்டாது |
| மேயோவும் தோழரும், 1924–1932 | தொலைபேசிக் கருவி ஆலை | தலைவரோடு தோழர் கூட்டமும் | நிறுவனப் படத்திற் புலப்படாது |
| சைமன், 1946 | அரசுத் திணைக்களங்கள் | பலர். முரணும்போது ஒருவர் | எழுதாக் கட்டளைக்கு விதியில்லை |

இவ்வட்டவணையிற் பள்ளிகளின் பெயர் இல்லை. அதற்கு ஈடாக ஒவ்வொருவரும் எங்கு நின்று நோக்கினார் என்பதும், அவர் விடையால் எழும் இடர் யாது என்பதும் உள்ளன. பரீட்சை வினாத்தாளில் ரெயிலரையும் பயோலையும் ஒப்பிடுக எனக் கேட்கப்பட்டால், இருவரும் தொன்னெறியினர் எனத் தொடங்கும் மாணாக்கர் தம் விடையின் முதல் வரியிலேயே வினாவை இழந்துவிடுவர். பட்டறையில் நின்றவர் எட்டுத் தலைவரைக் கேட்டார், கம்பனியின் உச்சியில் நின்றவர் ஒரு தலைவரைக் கேட்டார் எனத் தொடங்குவோருக்கு, ஏனைய வேற்றுமைகள் அதிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைத்து வரும். வேகத்துக்கும் தரத்துக்கும் இடையில் நின்ற கடைசற்காரரும், கல்வியாளருக்கும் நிதித் திணைக்களத்துக்கும் இடையில் நிற்கும் கணக்காளரும் கேட்பது ஒரே வினாவே என்பதும் அப்போது புலனாகும்.